வாசகம் மாறாத நிபந்தனை

எங்கள் வீட்டில் ரெண்டர் என்ற சொல் சோறு, தண்ணீர் போலப் புழங்கியது. அண்ணை ஒப்பந்தத்தில் வேலை எடுத்துச் செய்கிற கொந்தராத்துக்காரர். மதகு கட்டுவார், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவார், கிணறுகளுக்குக் கட்டு எழுப்புவார். கந்தோர் என்று நாங்கள் சொல்கிற அரசாங்க அலுவலகம் ஒன்று வேலை கொடுப்பதென்றால் கேள்வி அறிவித்தல் போடும். நாங்கள் விலை எழுதி, உறையில் இட்டு ஒட்டி, குறித்த நேரத்துக்குள் அங்கிருக்கும் பெட்டியில் போடவேண்டும். அச்சில் அது கேள்வி. வாயில் எல்லாருக்கும் ரெண்டர்தான். அண்ணைக்குக் கல்லும் மண்ணும் அத்துப்படி. இங்கிலீசில் கொஞ்சம் தடக்குவார். அவருடைய தங்கச்சி எனக்கு இங்கிலீசு வரும், வாயும் வரும். ஆகவே தாள்வேலை முழுக்க என் தலையில் விழுந்தது.

நாங்கள் நாரந்தனையில் இருந்தோம் என்றாலும் பிறந்தது நெடுந்தீவில். நெடுந்தீவில் பிறந்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் முன்கூட்டியே செய்து வைப்பார்கள். காற்று எழும்பினால் வள்ளம் ஓடாது, வள்ளம் ஓடாவிட்டால் அரிசி வராது, மருந்து வராது, கடிதமும் வராது. அதனால் சோளகக் காற்றுப் பெயரும் முன்பே வீட்டில் எல்லாம் வந்து அடுக்கியிருக்கும். பாலத்தால் பஸ் ஓடுகிற ஊருக்குக் குடிவந்து எத்தனையோ வருடமான பிறகும் அண்ணையை அந்தக் குணம் விடவில்லை. ஒரு கலியாணத்துக்குப் போவதென்றால் சமையல்காரருக்கு முன்னமே போய் நிற்பார். அண்ணிக்கு அது பெரிய வெட்கக்கேடு. நானும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நெடுந்தீவு இறங்குதுறையைத் திருத்தி அகலமாக்குவதற்கு ரெண்டர் வந்தது. அண்ணைக்கு அது மற்ற வேலைகள் போன்றதல்ல. அதுவரை அவர் சின்ன வேலைகள் எடுப்பவர் என்று பதிவாகியிருந்தார். பெரிய வேலை ஒன்றைத் தன் பெயரில் எடுத்து முடித்தால்தான் அடுத்த தரத்துக்குப் பதிவு உயரும். இல்லையென்றால் பட்டணத்துப் பெரிய கொம்பனிக்குக் கீழே துணைக்கு நின்று, வன்னியிலோ எங்கேயோ மாதக்கணக்கில் கொட்டில் போட்டுக் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்து கிடந்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது. தவிரவும் அது எங்களைப் பெற்ற ஐயா ஏறி இறங்கின துறை. எந்த இடத்தில் கால் வைத்தால் வழுக்கும் என்று அண்ணைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

"இந்த ஒண்டு கிடைச்சால் காணும் பிள்ளை, பிறகு ஒருத்தனுக்குக் கீழையும் நிக்கத் தேவையில்லை" என்றார். அதை அவர் சாதாரணமாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

ரெண்டர்ப் பத்திரம் தடித்த புத்தகம். அதை வாங்கி வந்தால் காரியம் முடிந்ததென்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். இல்லை. புத்தகம் வெளியே போன பிறகுதான் கந்தோருக்கு ஞானம் பிறக்கும். நிபந்தனை ஒன்றை மாற்றவோ கூட்டவோ நினைத்தால் பிற்சேர்க்கை என்று ஒரு தாள் அனுப்புவார்கள். அச்சில் விட்ட பிழையைச் சரிசெய்வதென்றால் பிழைதிருத்தம் என்று இன்னொரு தாள். புத்தகம் வாங்கின எல்லாருக்கும் அவை தபாலில் வரும். வந்தவை எல்லாம் கிடைத்தன என்று, இலக்கங்களைக் குறித்து, நாங்கள் ரெண்டரில் கையெழுத்து வைக்கவேண்டும். ஒன்றைக் குறிக்க மறந்தாலும் வில்லங்கம்.

இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு தீவுப்பகுதிக் கொந்தராத்துக்காரர் செய்கிற ஒரு வேலை இருந்தது. ஒட்டுவது. பிற்சேர்க்கையில் இருக்கிற புது வாசகத்தைக் கத்தரித்து, புத்தகத்தில் பழைய வாசகம் இருக்கிற இடத்தின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். கோதுமை மாவைக் காய்ச்சின பசை. அப்படி ஒட்டினால் விலை போடும்போது பழையதைப் பார்த்து ஏமாற வழியில்லை என்று கணக்கு. அண்ணை அதில் விண்ணன். ஓரம் பிசகாமல் ஒட்டுவார்.

முதல் பிற்சேர்க்கை எங்கள் வயிற்றில் அடித்தது. மூலப் புத்தகத்தில், துறையின் உள்நிரப்புக்கு ஊரில் கிடைக்கிற பவளப்பாறைக் கல்லான முருகைக்கல்லைப் பாவிக்கலாம் என்று இருந்தது. நெடுந்தீவில் முருகைக்கல்லுக்கா பஞ்சம், வேலி மதிலே அதுதானே. பிற்சேர்க்கை வந்து, எங்கேயும் முருகைக்கல் கூடாது, எல்லாம் கருங்கல், என்றது. கருங்கல் என்றால் லொறியில் கொண்டுவந்து, வத்தையில் ஏற்றி, கடல் தாண்டி இறக்கவேண்டும். அண்ணை திட்டிக்கொண்டே ஒட்டினார். அடுத்து ஒரு பிழைதிருத்தம் வந்தது. அளவுப் பட்டியலில் ஒரு தொகை மாறியிருந்தது. அதையும் ஒட்டினார்.

இரண்டாவது பிற்சேர்க்கை முடிவு திகதியைத் தள்ளிவைத்தது. அதற்குக் காரணம் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. விலை போடுகிறவர்கள் முதலில் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. அந்த நேரம் பார்த்துக் கடல் கொந்தளித்தது. பட்டணத்துக் கொம்பனிக்காரர் வள்ளம் ஏறுகிற குறிகட்டுவான் வரைக்கும் வந்து, அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவகாசம் வேண்டும் என்று அவர்கள் எழுதிக் கேட்க, கந்தோர் இரண்டு கிழமை தள்ளிக் கொடுத்தது.

"நான் பிறந்த இடத்தைப் பாக்க எனக்கு அவகாசம் என்னத்துக்கு?" என்று அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். அவர் காற்றுக்கு முன்பே போய்ப் பார்த்து, அளந்து, அத்தாட்சியும் வாங்கி வந்திருந்தார். யாழ்ப்பாணம் வங்கிக்குப் போய்க் கேள்விப் பிணையையும் அப்போதே எடுத்து அலுமாரியில் வைத்திருந்தார். கேள்விப் பிணை என்பது, ரெண்டர் போட்டவர் நடுவில் பின்வாங்கினால் இவ்வளவு காசை நாங்கள் கட்டுகிறோம் என்று வங்கி எழுதிக் கொடுக்கிற பத்திரம். அது இன்ன திகதி வரைக்கும் செல்லும் என்று அதிலேயே இருக்கும்.

மூன்றாவது பிற்சேர்க்கை வந்தபோதுதான் கூத்து. முதல் பிற்சேர்க்கையின் கருங்கல் நிபந்தனை கொங்கிறீற்றுக்கு மட்டும்தான்; உள்நிரப்பைப் பொறுத்தவரை அது நீக்கப்படுகிறது, மூல நிபந்தனையே செல்லும், என்றது. எங்களுக்குப் பெரிய சந்தோசம். ஆனால் அந்த மூல நிபந்தனை எங்கே? அண்ணையின் பசைக்குக் கீழே. முருகைக்கல் என்ன பருமனில் இருக்கவேண்டும், எப்படிக் கழுவவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது ஞாபகம். சரியான வாசகம் ஒருவருக்கும் நினைவில்லை. குசினியில் கேத்தில் வைத்து, ஆவியில் புத்தகத்தைப் பிடித்தோம். ஒட்டினது கிளம்பவில்லை. அண்ணை பொறுமை இழந்து நகத்தால் கிளப்ப, பக்கமே கிழிந்து வந்தது. அண்ணி அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

கிழிந்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறைக் கந்தோருக்குப் போனோம். ரெண்டர்ப் பகுதியைப் பார்த்தவர் சரவணை ஊர்ப் பக்கத்துக் கிளாக்கர். ஐம்பதைத் தாண்டினவர். தாள்களின் மூலை மடிந்திருந்தால் அவருக்கு ஆகாது. எங்கள் புத்தகத்தைக் கண்டதும் பிணத்தைக் கண்டவர் போல முகத்தைத் திருப்பினார்.

"என்ன தம்பி இது?"

"ஒட்டினது அண்ணை. கிளப்பப் போய்க் கிழிஞ்சுபோச்சு. அந்தப் பக்கத்தை ஒருக்காத் தாருங்கோவன்" என்றார் எங்கள் அண்ணை. கிளாக்கரையும் அவர் அண்ணை என்றுதான் அழைத்தார்.

கிளாக்கர் பக்கத்தைத் தந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உமக்கு மட்டுமில்லை. புங்குடுதீவில இருந்தும் ஒராள் இதே கோலத்தில கொண்டுவந்தவர். மூண்டு தாள் போனபிறகு எது நிண்டது எது போனது எண்டு எனக்கே ஒருக்கா யோசிக்க வேண்டிக் கிடக்கு. எல்லாத்தையும் ஒரு தாளில போட்டுத் தந்தால் என்ன? எஞ்சினியரிட்டைக் கேட்டுப் பாக்கிறன்."

"அப்ப எங்களுக்கு இப்பவே ஒண்டு எழுதித் தாருங்கோ" என்றேன் நான்.

"ஏலாது தங்கச்சி. ஒராளுக்குக் குடுத்தால் எல்லாருக்கும் குடுக்கவேணும். குடுக்கிறதெண்டால் ஒரே நாளில எல்லாருக்கும் தபாலில போகும்."

எனக்கு அந்த ஆளை அன்றைக்கே பிடித்துப்போயிற்று. சலுகை தராத மனிதரைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதை வரும்.

சொன்னபடி சுருக்கம் வந்தது. ரோணியோ மெசினில் அடித்த இரண்டு தாள். அதைப்போல் ஒன்றை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை. முதல் நிரலில் நிபந்தனை இலக்கமும் புத்தகத்துப் பக்கமும். அடுத்ததில் மூலத்தில் இருந்த வாசகம், ஒரு சொல் விடாமல். அதற்கடுத்ததில் இப்போது செல்கிற வாசகம். கடைசியில் எந்தத் தாளால் மாறியது என்று. கருங்கல் விசயத்தில் முதல் பிற்சேர்க்கையால் மாறி, மூன்றாவதால் ஒரு பாதி திரும்பி வந்ததை அவர் இரண்டு வரியாகப் பிரித்திருந்தார். கொங்கிறீற்றுக்கு ஒரு வரி, உள்நிரப்புக்கு ஒரு வரி. பார்த்தால் குழம்ப வழியே இல்லை. முடிவு திகதி பழையது, புதியது. தொகை பழையது, புதியது. அடியில் இரண்டு குறிப்புகள். இது வாசிக்கிறவர் வசதிக்கு மட்டும், பிற்சேர்க்கைகளின் வாசகமே செல்லும். இதில் காட்டப்படாத நிபந்தனைகள் மூலத்தில் உள்ளபடியே இருக்கும்.

அண்ணை அதைச் சுவரில் ஆணி அடித்துக் கொழுவினார். "மனிசன் எண்டால் இவர் மனிசன்" என்றார். வேறு கொந்தராத்துக்காரர்களும் வந்து அதைப் பற்றித்தான் பேசினார்கள். இனி மா காய்ச்சத் தேவையில்லை என்று ஒருவர் சொன்னார்.

விலையெல்லாம் போட்டு முடித்து, ஒவ்வொரு பத்திரமாகச் சரிபார்த்தோம். நான் ரெண்டர்ப் படிவம், கையெழுத்து, தாள் இலக்கங்கள் என்று வாசிக்க, அண்ணை எடுத்து அடுக்கினார். பிணைக்கு வந்தபோது அவர் சுவரைப் பார்த்தார்.

"பிணை நிபந்தனை சுருக்கத்தில இல்லை. மாறேல்லை. இருக்கிறது சரி."

நானும் தலையை ஆட்டினேன். அது மாறவில்லைதான். ஒரு எழுத்தும் மாறவில்லை.

ரெண்டர் திறக்கிற நாள். கந்தோரின் முன்மண்டபத்தில் இருப்பதற்கு மரவாங்கு போட்டிருந்தது. ரெண்டர் போட்டவர்கள் விரும்பினால் வந்து இருந்து கேட்கலாம். எஞ்சினியர் உறைகளை ஒவ்வொன்றாகக் கிழிக்க, கிளாக்கர் பெயரையும் விலையையும் பிணை விபரத்தையும் உரக்க வாசித்தார், இன்னொருவர் எழுதினார். பட்டணத்து ஆட்களின் விலைகள் வந்தன. எங்கள் உறை திறந்தது. கிளாக்கர் விலையை வாசித்ததும் பின்பக்க வாங்கில் ஒரு சலசலப்பு. எல்லாரிலும் குறைவு. அண்ணை என் கையைப் பிடித்து அமத்தினார், மோதிரம் உறுத்தியது.

அதற்குப் பிறகு பிணை. கிளாக்கர் வங்கியின் பெயரையும் தொகையையும் வாசித்தார். திகதிக்கு வந்ததும் குரல் நின்றது. பத்திரத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு வாசித்தார். வாசித்த விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, ஏதோ போய்விட்டதென்று.

மூலத்தில் இருந்த நிபந்தனை இதுதான். பிணை, ரெண்டர் முடிவு திகதியிலிருந்து இத்தனை மாதத்துக்குச் செல்லவேண்டும். அண்ணை பிணை எடுத்தது பழைய முடிவு திகதியை வைத்து. வங்கி அதிலிருந்து எண்ணி ஒரு திகதியைப் போட்டுக் கொடுத்தது. பிறகு முடிவு திகதி இரண்டு கிழமை தள்ளிப்போயிற்று. அப்படியென்றால் பிணையும் இரண்டு கிழமை தள்ளிப்போக வேண்டும். நிபந்தனையின் வாசகம் அப்படியே இருக்க, அது கேட்கிற திகதி மட்டும் நகர்ந்துவிட்டது. வங்கியில் சொல்லியிருந்தால் ஒரு துண்டு எழுதி ஒட்டி நீடித்துத் தந்திருப்பார்கள். பட்டணத்து ஆட்கள் ஆறுதலாக, தள்ளிப்போட்ட பிறகுதான் வங்கிக்குப் போனார்கள். அவர்களுடைய பிணைகள் எல்லாம் சரியாக இருந்தன. முன்கூட்டியே போனவர் அண்ணை ஒருவர்தான்.

அண்ணை எழும்பினார். அவர் சண்டைக்காரர் அல்ல. அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒரு ஆள் எழும்பினது போல இருந்தது.

"உம்மடை சுருக்கத்தில இது எங்கை? சொல்லும்! காட்டாததெல்லாம் இருந்தபடி இருக்கும் எண்டு நீர்தானே எழுதினீர்?"

அதுவரை அண்ணை என்று அழைத்தவரை நீர் என்று, அத்தனை பேருக்கு முன்னால். எஞ்சினியர் இளம் ஆள், பதறிப்போனார். "இருங்கோ, இருங்கோ, இப்ப ஒண்டும் தீர்மானம் இல்லை, கேள்விச் சபைதான் பாக்கும்" என்றார். அண்ணை இருக்கவில்லை. "உம்மை நம்பி வந்தனான். நம்பினதுக்கு நல்லாத் தந்தீர்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். நான் பத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது கிளாக்கர் அடுத்த உறையின் விலையை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்துக்குள் கடிதம் வந்தது. பிணை நிபந்தனைக்கு அமையாததால் உங்கள் கேள்வி நிராகரிக்கப்படுகிறது. திறந்த பிறகு பிணையைத் திருத்த ஒருவரையும் விடமுடியாது, விட்டால் மற்றவருக்கு அநியாயம் என்று அதில் இருந்தது. சட்டப்படி சரிதான். எனக்கு அது இப்போதும் சரியாகத்தான் படுகிறது. அதனால் மனம் ஆறினதா என்றால் இல்லை. குறைந்த விலை போட்ட மனிதன், அந்தக் கடலை அறிந்த மனிதன், எல்லாருக்கும் முதல் ஆயத்தமான மனிதன், ஆயத்தமானதாலேயே தோற்றுப்போனார்.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு ரெண்டரோடு போயிருக்கும். அண்ணை பெட்டிசம் போட நினைத்தார்.

"எழுது பிள்ளை. மேலிடத்துக்கு. இந்தச் சுருக்கம் ஆக்களை ஏமாத்திற வேலை எண்டு எழுது."

"நான் எழுதமாட்டன். அந்த மனிசன் ஏமாத்தேல்லை. அந்தத் தாளைக் கேட்டுப் போனது நாங்கள். நாங்கள் கிழிச்ச பக்கத்திலதான் அது துவங்கினது."

"அப்ப ஆர் பிழை? சொல்லு. என்ரை பிழையோ?"

அவர் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை, ஒருவரும் பிழை இல்லை என்று சொன்னால் அதைத் தாங்குகிற நிலையில் அவர் இல்லை. ஒருவரும் பிழைவிடாமல் ஒரு ஆள் அழிந்துபோவதைப் போல் கொடுமை வேறு இல்லை, குறைசொல்லக் கூட ஆள் அகப்படாது. அண்ணைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நீதிமன்றத்தடியில் பெட்டிசம் எழுதுகிறவர் ஒருவரைப் பிடித்து எழுதுவித்தார். அந்த ஆளுக்கு வாசகத்துக்குப் பஞ்சமில்லை. 'கேள்விதாரர்களைத் தவறான பாதையில் இட்டுச்செல்லும் அதிகாரமற்ற ஆவணம்' என்று எழுதிக் கொடுத்தார். அண்ணை அதை எனக்கு வாசித்துக் காட்டினார். நான் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன்.

பெட்டிசத்துக்கு மேலிடம் பதில் எழுதவில்லை. அண்ணையின் ரெண்டரும் திரும்பி வரவில்லை. கந்தோருக்கு ஒரு கட்டளை மட்டும் வந்தது. இனிமேல் எந்தச் சுருக்கமும் வெளியிடக்கூடாது. பிற்சேர்க்கைகளைக் கேள்விதாரர் தாங்களே வாசித்துக்கொள்ள வேண்டும். கிளாக்கரிடம் விளக்கமும் கேட்டிருந்தார்கள். அவருடைய அந்த வருடச் சம்பள உயர்வு பிந்தியது என்று பேச்சு அடிபட்டது.

சில காலத்துக்குப் பிறகு ஊர்காவற்றுறை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். விலகிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், கால் கேட்கவில்லை.

"ஐயா, அண்ணை செய்தது சரியில்லை. எனக்குச் சரியான கவலை" என்றேன்.

"அவருக்கு நட்டம் தங்கச்சி. நட்டப்பட்ட ஆள் கத்தத்தானே செய்வார்."

"உங்களுக்கு அது தெரிஞ்சிருந்ததே? பிணை நகரும் எண்டு?"

அவர் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "கையால எழுதின முதல் தாளில கீழை ஒரு வரி போட்டனான். முடிவு திகதி தள்ளினதால இன்ன இன்ன நிபந்தனையிலை வாற திகதியளையும் திருப்பி எண்ணிப் பாருங்கோ எண்டு. எஞ்சினியர் அதை வெட்டினவர். மாறினதை மட்டும் காட்டவேணும், மாறாத நிபந்தனைக்கு நாங்கள் விளக்கம் சொல்லக்கூடாது, நாளைக்கு நாங்கள் சொன்ன விளக்கம்தான் நிபந்தனை எண்டு வழக்குக்கு வருவினம் எண்டார். அவர் சொன்னதிலையும் நியாயம் இருக்கு. எனக்கு அப்ப அது சரியெண்டுதான் பட்டது."

"அதை விளக்கத்தில எழுதினீங்களோ?"

"எழுதி? அவர் இளம் பொடியன். இனித்தான் உத்தியோகம் பாக்கப்போறார்."

பஸ் வந்தது. அவர் ஏறினார். நான் அதை வீட்டில் வந்து அண்ணையிடம் சொன்னேன். அவர் மம்பட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுப் பிடியைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேலே செதுக்கினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இறங்குதுறையைப் பட்டணத்துக் கொம்பனி கட்டியது. அதில் துணைக்கு வேலை செய்ய அண்ணையைக் கேட்டார்கள், அவர் போகவில்லை. வன்னிக்குப் போனார். அவர் போயிருந்த காலத்தில் வீட்டில் கதைக்கச் சிரிக்க ஆளில்லை. ரெண்டர் என்ற சொல்லும் கொஞ்ச நாள் வீட்டில் எழும்பவில்லை.

எண்பது பிறந்த பிறகு, புளியங்கூடல் பக்கத்தில் ஒரு வேலைக்கு அறிவித்தல் வந்தது. பெரிய வேலை. அண்ணை புத்தகம் வாங்கினார். பழைய ஆசை போகவில்லை. இந்தத் தடவை ஐந்து பிற்சேர்க்கைகள், இரண்டு பிழைதிருத்தங்கள். நான்காவது வந்து இரண்டாவதில் ஒரு பகுதியை மாற்றியது, ஐந்தாவது வந்து நான்காவதை மாற்றியது. நான் நிரல் கீறி, ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கிளாக்கர் செய்ததைப் போல வரவில்லை. ஓரிடத்தில் இரண்டு தாளும் ஒன்றையொன்று வெட்டுவது போல இருந்தது. எது நிற்கிறதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கந்தோருக்கு எழுதிக் கேட்டோம். பிற்சேர்க்கைகளை வாசித்துக்கொள்ளவும் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

மற்ற கொந்தராத்துக்காரர்களும் அதே கதியில்தான் இருந்தார்கள். ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து, "முந்தி ஒரு தாள் வந்ததல்லோ, அதை ஏன் நிப்பாட்டினவங்கள்?" என்று அண்ணையிடம் கேட்டார். அவருக்கு உண்மையாகவே தெரியாது. அண்ணை, "எனக்கெப்பிடித் தெரியும்?" என்றார்.

அடுத்த நாள் வேட்டி மாற்றி, சேட்டுப் போட்டு, பிற்சேர்க்கைகளை ஒரு உறையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்தக் கிளாக்கர் அப்போதும் அதே கந்தோரில்தான் இருந்தார். ஓய்வுக்குக் கிட்டிய காலம்.

மத்தியானம் திரும்பி வந்தார். உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைக்காமல் கையில் வைத்திருந்தார்.

"ஏசினவரோ?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. கண்டவுடனை எழும்பினவர். கதிரை போட்டு இருத்தினவர். தேத்தண்ணி எடுப்பிச்சவர். அண்ணி சுகமோ, வேலையள் எப்பிடிப் போகுது எண்டெல்லாம் கேட்டவர்."

"தாளைக் காட்டினீங்களோ?"

"உறையோடை நீட்டினனான். கையிலை வாங்கேல்லை. மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கட்டளையை எடுத்து எனக்கு முன்னாலை வைச்சவர். அவ்வளவுதான். வாசிச்சுப் பாத்தன்." அண்ணை செம்பைக் கீழே வைத்தார். "அதிலை ஒரு வரி என்ரை பெட்டிசத்திலை இருந்த வரி. அப்பிடியே, ஒரு எழுத்தும் மாறாமல். கோவிச்சு ரெண்டு பேச்சுப் பேசியிருந்தாலாவது நான் ஆறுதலா வந்திருப்பன். மனிசன் படி மட்டும் வந்து, பாத்துப் போங்கோ தம்பி எண்டவர்."

அந்த ரெண்டருக்கு அண்ணை விலை போடவில்லை.